மேப்பில் 4.9 ஸ்டார் பார்த்து மோட்டாரைக் கொடுத்தேன்: காரைக்குடி பக்கம் இருப்பவர்கள் படிக்கவும்

பிள்ளையார் நோன்புக்கு இரண்டு நாள் முன்னாடி ஊரிலிருந்து ஆத்தா போன் பண்ணினார்கள். போர் மோட்டார் போட்டால் 'உம்ம்'னு சத்தம் மட்டும் வருது, தண்ணி வரலை. வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் சபரிமலைக்குப் போயிருந்தார், போன் சுவிட்ச் ஆஃப். நான் சென்னையில் இருக்கிறேன். மேப்பைத் திறந்து ஊர் பெயர் போட்டுத் தேடினேன். '24 மணி நேர மோட்டார் பிளம்பர் எலக்ட்ரீஷியன் காரைக்குடி' என்று கடைப் பெயரே அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒன்று வந்தது. 4.9 ஸ்டார், கூடவே பத்துப் பதினைந்து ரீல்ஸ். போர் குழாயில் தண்ணி பீச்சி அடிக்கிற வீடியோ எல்லாம் இருந்தது. நம்பிவிட்டேன்.

போனை எடுத்த பெண் முதலில் கேட்டதே "எந்த ஊர் சார்?" என்றுதான். காரைக்குடி கடைக்குப் போன் பண்ணினால் எதற்கு ஊரைக் கேட்கிறார்கள் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். அது கடையே இல்லை. வரும் அழைப்பையெல்லாம் வாங்கி, அந்தப் பக்கம் யார் கிடைக்கிறார்களோ அவர்களுக்குத் தள்ளிவிட்டு கமிஷன் எடுக்கிற இடம்.

இரண்டு பசங்க வந்தார்கள். பேனல் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "காயில் போயிருச்சும்மா, தூக்கணும்" என்றிருக்கிறார்கள். 220 அடிக் குழாயையும் ஏற்றி, மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆத்தாவிடம் 13,800 ரூபாய் கேட்க, நான்தான் இங்கிருந்து அனுப்பினேன். பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். அது வரவே இல்லை, இரண்டு போட்டோ மட்டும் வந்தது. ஒன்றில் கருகிப்போன காயில், இன்னொன்றில் ரீவைண்டிங் முடிந்த எங்கள் மோட்டார்.

சரியாக மூன்று வாரம் ஓடியது, அப்புறம் மறுபடி அதே 'உம்ம்'. அதற்குள் அண்ணன் மலையிலிருந்து வந்துவிட்டார். பேனலைத் திறந்தவர் கெப்பாசிட்டரைக் கழற்றி ஆத்தாவிடம் காட்டியிருக்கிறார். பெட்டி ஸ்டிக்கரில் 36 எம்எஃப்டி என்று இருக்கிறது, உள்ளே புதிதாக மாட்டியிருப்பது 25. சுற்றாமல் உறுமினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கெப்பாசிட்டரைத்தான், மோட்டாரைத் தூக்குவதெல்லாம் அதற்கு அப்புறம் என்றார். சரியானதை மாட்டினார், தண்ணி வந்தது. கெப்பாசிட்டர் 250, கூலி 200.

"அப்ப ரீவைண்டிங்?" என்று கேட்டேன். அந்தப் போட்டோக்களை அனுப்பச் சொன்னார். அனுப்பின ஐந்து நிமிஷத்தில் போன்.

"தம்பி, கருகின காயில் போட்டோவுல வார்னிஷ் கம்பி இருக்கு. நம்ம மோட்டார் தண்ணி ரொப்புற மோட்டார், அதுல பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிதான் சுத்தியிருக்கும். இது வேற மோட்டாரோடது. இன்னொரு போட்டோவுல போல்ட்டைப் பெருசு பண்ணிப் பாருங்க."

பார்த்தேன். 2019-ல் அவர் மோட்டார் இறக்கும்போது போல்ட்டுக்கும் பாடிக்கும் சேர்த்து ஒரு சிவப்பு பெயின்ட் கோடு இழுத்திருந்தார். அந்தக் கோடு ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருக்கிறது. போல்ட்டைக் கழற்றாமல் உள்ளே காயில் சுற்ற முடியாது. அவர்கள் அனுப்பின போட்டோவே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தக் கருகின காயில் அவர்கள் ரீல்ஸிலும் இருக்கிறது, வேறு ஊர்ப் பெயரோடு.

அதற்கப்புறம்தான் ரிவ்யூவைப் பொறுமையாகப் படித்தேன் (காசு போன பிறகுதானே நமக்குப் பொறுமை வரும்). 5 ஸ்டார் கொடுத்தவர்கள் பெயரைத் தொட்டால் அவர்கள் வேறு எங்கெல்லாம் ரிவ்யூ எழுதியிருக்கிறார்கள் என்று வருகிறது. ஒருத்தர் ஒரே வாரத்தில் காரைக்குடியில் மோட்டார், கோயம்புத்தூரில் கரப்பான் மருந்து, ஹைதராபாத்தில் வீடு மாற்றுகிற லாரி என்று போட்டிருக்கிறார். குறைந்த ஸ்டாரை முதலில் காட்டும்படி வரிசைப்படுத்தினால் என் கதையே வேறு வேறு ஆட்கள் எழுதி நாலு இருக்கிறது. மேப்பில் குத்தியிருக்கும் இடத்துக்குச் சித்தப்பா மகனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே இருப்பது டீக்கடை.

நானும் ஒரு ஸ்டார் போட்டேன். "உங்கள் பெயரில் எங்களிடம் கஸ்டமர் யாரும் இல்லை" என்று பதில் எழுதிவிட்டு, தனியாகப் போன் பண்ணி ரிவ்யூவை எடுத்தால் ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்றான். எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், பில் இல்லாததால் பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டும் அந்த இரண்டு போட்டோவும்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

உங்கள் வீட்டில் மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுத்தால் பழைய கம்பியைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். காயில் மாற்றியிருந்தால் பழசு கட்டாயம் இருக்கும், எடைக்குப் போட்டால் காசும் வரும். கொடுக்கும் முன்னால் போல்ட்டில் நீங்களே ஒரு கோடு இழுத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நெயில் பாலிஷ்கூடப் போதும்.

அண்ணனை மேப்பில் ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, இருக்கிற வேலைக்கே ஆள் பத்தலை" என்றார். அடுத்த கார்த்திகையில் மாலை போடும் முன் இன்னொருத்தர் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.