புதிய மேலாளருக்கு முதல் வார அறிமுக மடல்: மூன்று வரைவுகளின் ஒப்பீடு

புதிய வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளருக்கு எழுதும் அறிமுக மடல் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வருகிறது. ஒன்று, தன்விவரக் குறிப்பையே பத்திகளாக மாற்றி எழுதியதாக இருக்கும். மற்றொன்று, நன்றியும் பணிவும் மட்டுமே நிரம்பியதாக இருக்கும். மூன்றாவது விதம் ஒன்று உண்டு, ஆனால் அது அரிதாகவே கண்ணில் படுகிறது. இத்தகைய மடல்களைப் பெறும் இடத்தில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், ஒரே ஆள் ஒரே வேலைக்கு எழுதக்கூடிய மூன்று வரைவுகளை இங்கே அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் விற்பனையாளர்களுக்குப் பணம் செலுத்தும் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவர். வேறொரு நிறுவனத்தில் அதே வகைப் பொறுப்பில் திங்கட்கிழமை சேர்ந்திருக்கிறார். கொள்முதல் ஆணை, கிடங்கில் போடும் சரக்கு வரவுச் சீட்டு, விற்பனையாளர் அனுப்பும் பில் ஆகிய மூன்றையும் ஒத்துப்பார்த்து, பொருந்தாதவற்றைத் தீர்த்த பிறகே பணம் விடுவிப்பது அவருடைய வேலை.

முதல் வரைவு இப்படிப் போகிறது: "கணக்குத் துறையில் ஆறு ஆண்டுகள் ஆழ்ந்த அனுபவம் உடையவன் நான். முந்தைய நிறுவனத்தில் நிலுவை பில்களை 75 விழுக்காடு குறைத்துக் காட்டினேன். எங்கள் நிறுவனத்தில் நாங்கள் பின்பற்றிய முறையை இங்கும் கொண்டுவந்தால் விரைவில் நல்ல மாற்றத்தைக் காணலாம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் படிக்கும் மேலாளருக்கு மூன்று இடங்களில் இடறும். ஆறு ஆண்டு அனுபவம் என்பதை நேர்காணலிலேயே அவர் கேட்டுவிட்டார். மறுபடி சொல்வதால் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. 75 விழுக்காடு என்றால் எதிலிருந்து எதற்கு, எவ்வளவு காலத்தில், யார் யார் சேர்ந்து என்ற கேள்விகள் எழுகின்றன. நான்கு பில் ஒன்றானாலும் 75 விழுக்காடுதான். மூன்றாவது, "எங்கள்" என்ற சொல். சேர்ந்து மூன்று நாளான பிறகும் அந்தச் சொல் பழைய நிறுவனத்தையே குறிக்கிறது. நம் மொழியில் "நாங்கள்" என்றால் எதிரில் இருப்பவர் அதில் இல்லை என்று பொருள். ஆகவே எழுதியவர் எண்ணாமலேயே மேலாளரை ஒரு கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிடுகிறார். இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே மாற்றத்தைப் பற்றிப் பேசுவது அந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாக்குகிறது. அவசரப்பட்டு "நாம்" என்று திருத்திவிட்டாலும் சரியாகாது, ஏனெனில் இன்னும் சேர்ந்து செய்யாத வேலைக்கு அந்தச் சொல் பொருந்தாது. முதல் வாரத்தில் "நான்" என்பதும், பழைய இடத்தைச் சொல்லும்போது "அங்கே" என்பதும் போதும்.

இரண்டாம் வரைவு: "தங்களின் கீழ் பணியாற்றும் வாய்ப்பு கிடைத்தது என் பாக்கியம். எனக்கு இன்னும் தெரியாதவை ஏராளம். தங்கள் மேலான வழிகாட்டுதலில் என்னால் இயன்றவரை உழைப்பேன். ஏதேனும் தவறு நேர்ந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்."

இந்த மடலை எழுதியவரின் மனத்தில் உண்மையான மரியாதை இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இதைப் படித்த மேலாளரால் அவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்று முடிவு செய்ய இயலாது. "தெரியாதவை ஏராளம்" என்பதில் எது தெரியாது என்பது இல்லை. நேராத தவறுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டிருப்பதால், மேலாளர் ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயமும் வந்துவிடுகிறது. இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். இப்படி எழுதிய ஒருவரின் சொல்லை அப்படியே நம்பி, பில்களைப் பதிவு செய்யும் எளிய வேலையை மட்டும் அவருக்கு இரண்டு மாதம் கொடுத்துவைத்தேன். மாதக் கணக்கு முடிப்பின்போது ஆள் குறைந்த ஒரு மாலையில், மற்றவர்கள் ஒரு நாள் முழுவதும் போராடும் விற்பனையாளர் கணக்கு ஒன்றை அவர் இரண்டு மணி நேரத்தில் நேர்செய்து கொடுத்தார். பழைய வேலையில் அவர் செய்துவந்தது அதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்காதது என் குறை. ஆனால் அந்த மடலில் அதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது.

மூன்றாம் வரைவை முழுமையாகவே தருகிறேன்.

"வணக்கம். திங்களன்று விற்பனையாளர் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். இதற்கு முன் பார்த்த வேலையில், கடைசி இரண்டு ஆண்டுகள் கொள்முதல் ஆணையோடும் சரக்கு வரவுச் சீட்டோடும் பொருந்தாத பில்களைத் தீர்ப்பது என் பொறுப்பாக இருந்தது. பொறுப்பேற்றபோது 30 நாளைத் தாண்டி நின்றவை 140 பில்கள். ஓராண்டில் அவை 35 ஆயின. சரக்கு வரவுச் சீட்டை அன்றன்றே பதிய அங்கே கிடங்குப் பிரிவினர் ஒப்புக்கொண்டதுதான் முக்கியக் காரணம். நாள்தோறும் நிலுவைப் பட்டியலைத் தயாரித்து அவர்களிடம் கொண்டுபோய்ப் பேசியது நான்.

இங்கு பயன்படும் கணக்கு மென்பொருளில் நான் வேலை செய்ததில்லை. பில் பதிவு இப்போது கைவந்துவிட்டது. திருப்பி அனுப்பிய சரக்குக்கான கழிவைப் பதியும் முறையைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கற்று வருகிறேன். அடுத்த வார இறுதிக்குள் தனியாகச் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதுவரை நான் பதிபவற்றை அவர் ஒருமுறை சரிபார்க்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். விலை வித்தியாசம் உள்ள பில்களை நான் நேரடியாகக் கொள்முதல் பிரிவுக்கு அனுப்பலாமா, உங்கள் பார்வைக்கு வந்த பிறகு அனுப்ப வேண்டுமா? உங்களுக்கு வசதியான நேரத்தில் பத்து நிமிடம் கிடைத்தால், வரும் மாதக் கணக்கு முடிப்பில் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்வேன்."

முதல் வரைவின் 75 விழுக்காடும் இந்த வரைவின் 140, 35 என்ற எண்களும் ஒரே சாதனைதான். ஆனால் இங்கே அளவும் காலமும் தெரிகின்றன. அதைவிட முக்கியமாக, எந்தப் பங்கு யாருடையது என்பது பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. கிடங்குப் பிரிவினருக்கு உரிய பெயரை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே "பேசியது நான்" என்று தன் பங்கைத் தயங்காமல் சொல்லிவிடுகிறார். தன்னம்பிக்கையும் அடக்கமும் இங்கே ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளவில்லை. அடக்கம் என்று நினைத்து "நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்தோம்" என்று எழுதியிருந்தால், இவர் என்ன செய்தார் என்பதே மறைந்துபோயிருக்கும்.

தெரியாததைச் சொன்ன விதத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் வரைவில் தெரியாமை ஒரு பொதுவான நிலையாக நிற்கிறது. இங்கே அது ஒரு மென்பொருள், ஒரு பதிவு முறை, ஒரு கெடு என்று எல்லையோடு நிற்கிறது. அதுவரை தவறு நேராமல் இருக்கச் செய்த ஏற்பாடும் கூடவே சொல்லப்பட்டிருப்பதால், மன்னிப்பு வாசகத்துக்கு அங்கே தேவையே இல்லை. "செய்துவிடுவேன்" என்று உறுதி கூறாமல் "செய்துவிடலாம் என்று நினைக்கிறேன்" என்று எழுதியதும் சரியானதே. அந்த மென்பொருளில் அவருக்கு இருப்பது மூன்று நாள் பழக்கம். அதைக் கொண்டு அதற்குமேல் சொல்வது வாக்குறுதி ஆகிவிடும்.

கேள்வியைப் பொறுத்தவரை, அது மேலாளர் மட்டுமே பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். விடுப்பு எப்படி எடுப்பது, கடவுச்சொல்லை யாரிடம் கேட்பது போன்றவற்றைப் பக்கத்தில் இருப்பவரிடமே கேட்டுக்கொள்ளலாம். விலை வித்தியாசத்தை யார் தீர்ப்பது என்பது அதிகார எல்லை பற்றியது. அதைக் கேட்பதிலேயே இவருக்கு வேலை தெரியும் என்பதும், எல்லை மீற மாட்டார் என்பதும் புரிந்துவிடுகின்றன. இத்தகைய கேள்வி முதல் நாளில் தோன்றாது. ஆகவே முதல் நாளில் வணக்கமும் நன்றியும் சொல்லும் இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, இந்த மடலை மூன்றாம் அல்லது நான்காம் நாளில் அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன். குறுஞ்செய்தியைவிட மின்னஞ்சலே இதற்கு ஏற்றது; வேலை பகிரும்போது மேலாளர் திரும்ப எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

எந்த வரைவு பயன்பட்டது என்பதை வரும் பதிலை வைத்தே ஓரளவு கணிக்கலாம். முதல் வரைவுக்கு "நன்றி, வருக" என்பதோடு பதில் முடியும். இரண்டாவதற்கு "கவலைப்படாதீர்கள், போகப்போகப் பழகிவிடும்" என்று வரும். மூன்றாவதற்குக் கேள்விக்கான விடை வரும், பெரும்பாலும் கூடவே ஒரு வேலையும் வரும்.

மூன்றாம் வரைவுக்கும் வரம்புகள் உண்டு. பழைய நிறுவனத்தின் எண்ணிக்கைகளை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால், 140, 35 என்று எழுதாமல் "நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது" என்று எழுதி, பங்கைப் பிரித்துச் சொல்லும் வாக்கியங்களை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். விற்பனையாளர் பெயர்களும் தொகைகளும் எந்த நிலையிலும் வரக்கூடாது. நேர்காணல் செய்தவர் வேறு, மேலாளர் வேறு என்றால், முதல் வரைவிலிருந்து ஒரு வரியைக் கடன் வாங்கி, மொத்த அனுபவத்தையும் பார்த்த பொறுப்புகளையும் தொடக்கத்தில் சுருக்கமாகச் சேர்ப்பது நல்லது. "தாங்கள்" என்று எழுதுவதே வழக்கமான அலுவலகத்தில் "நீங்கள்" துருத்திக்கொண்டு நிற்கும். மேலாளருக்கு மற்றவர்கள் அனுப்பும் மடல்களில் எது இருக்கிறதோ அதையே பின்பற்றலாம்.

நாம் பழையவர்களாக இருக்க, மேலாளர் புதிதாக வருகிறார் என்றால் மடலின் உள்ளடக்கம் மாறிவிடும். பழைய சாதனை வரும் இடத்தில், இப்போது கையில் இருக்கும் வேலைகளும், அவற்றில் அவருடைய முடிவுக்காகக் காத்திருப்பவையும் வர வேண்டும். தெரியாததைச் சொல்லும் பத்தி இருந்த இடத்தில், முந்தைய மேலாளர் இருந்தபோது எந்த முடிவுகளை நாமே எடுத்தோம், எவற்றைக் கேட்டுச் செய்தோம் என்பதை எழுதிவிட்டு, அதையே தொடரலாமா என்று கேட்க வேண்டும்.