எஸ்ஐபியை கரோசலில் விளக்குவது: சில வருட அனுபவம்

நான் பதிவு பெற்ற மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். எஸ்ஐபி, அதாவது ஃபண்டில் மாதா மாதம் ஒரே தொகையை முதலீடு செய்வதைப் பற்றி, இன்ஸ்டாகிராமில் தமிழ் கரோசல் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. கரோசல் என்றால் ஒரே பதிவில் விரலால் தள்ளிப் பார்க்கும் படங்களின் வரிசை, என்னுடையதில் எட்டு ஸ்லைடு. அதே ஸ்லைடுகளைத்தான் புதிதாக வரும் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறேன். ரீல்ஸ், நீண்ட வீடியோ, அச்சடித்த தாள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆபத்தையும் காலத்தையும் நேர்மையாகச் சொல்ல கரோசல் அளவுக்கு ஒத்துழைக்கும் வடிவம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். காரணம் எளிது. ஒரு எண்ணைப் பார்த்து நின்று, பின்னால் போய், மறுபடி முன்னால் வர முடிகிறது. வீடியோவில் அந்த எண் ஓடிப் போய்விடும்.

ஆனால் இதே வசதி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். யாரும் எட்டு ஸ்லைடையும் சேர்த்து அனுப்புவதில்லை. பிடித்த ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது ஸ்லைடில் லாபக் கணக்கும் எட்டாவது ஸ்லைடில் ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை’ என்ற வரியும் இருந்தால், ஊர் சுற்றுவது மூன்றாவது மட்டும்தான். அதனால் நான் விடாமல் பிடித்திருக்கும் ஒரே விதி இது: வருமானத்தைக் காட்டும் எண் எந்த ஸ்லைடில் இருக்கிறதோ, அது குறைந்தால் என்ன ஆகும் என்பதும் அதே ஸ்லைடில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி ஸ்லைடில் பொடி எழுத்தில் போடும் எச்சரிக்கை சட்டத்துக்குப் போதலாம், படிக்கிறவருக்குப் போதாது.

உதாரணமாக, அடிக்கடி கண்ணில் படும் ‘15-15-15’ கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 15,000 ரூபாய், 15 ஆண்டு, 15 சதவீதம், கையில் ஒரு கோடி. கணக்கில் தப்பில்லை, கூட்டிப் பார்த்தால் சரியாகவே வருகிறது. போட்ட பணம் 27 லட்சம். ஆனால் 15 சதவீதம் என்ற இடத்தில் 10 என்று போட்டால் அதே பணம் ஏறக்குறைய 63 லட்சத்தில் நிற்கும். நடுவில் இருக்கும் 37 லட்சத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நான் இரண்டு எண்ணையும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஒரே ஸ்லைடில் வைக்கிறேன். ‘இது இரண்டுமே அனுமானம்தான், 15 ஆண்டில் எது வரும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது’ என்ற வாக்கியமும் அங்கேயே இருக்கும்.

சரி, அனுமானம் வேண்டாம், நடந்ததைக் காட்டு என்று கேட்பவர்களுக்காக ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறேன். மொத்த கரோசலிலும் அதிகம் வேலை செய்வது இதுதான்.

ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் நிஃப்டி 50 குறியீட்டில் 2015 மார்ச் கடைசியிலிருந்து ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் 5,000 ரூபாய் போட்டதாக வைத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் கடைசியில் 58 தவணை முடிந்திருக்கும். போட்டது 2,90,000. அன்றைய மதிப்பு சுமார் 3,71,000. எண்பதாயிரத்துக்கு மேல் லாபம், நிம்மதியான நிலை. இன்னும் இரண்டு தவணை போட்டால் 2020 பிப்ரவரியோடு ஐந்து வருடத்தின் 60 தவணையும் முடிகிறது. போட்டது 3,00,000. கொரோனா சரிவுக்குப் பிறகு 2020 மார்ச் 31 அன்று அதன் மதிப்பு சுமார் 2,70,000. ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர் முப்பதாயிரம் நஷ்டத்தில் நிற்கிறார்.

இது குறியீட்டை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. டிவிடெண்டைச் சேர்த்தால் நஷ்டம் கொஞ்சம் குறையும், ஃபண்டின் செலவைக் கழித்தால் கொஞ்சம் கூடும். அந்தக் குறிப்பும் ஸ்லைடிலேயே இருக்கிறது. அதே யூனிட்டுகளை விற்காமல், மேற்கொண்டு ஒரு ரூபாயும் போடாமல் வைத்திருந்தால், 2020 டிசம்பர் கடைசியில் சுமார் 4,38,000. இந்த மூன்றாவது எண்ணை நான் தனி ஸ்லைடில் தருவதில்லை. தனியாகத் தந்தால் அது ‘விழுந்தால் உடனே எழுந்துவிடும்’ என்ற விளம்பரமாகிவிடும். அதன் கீழே 2008 வருகிறது: அந்த ஜனவரியில் 6,200-ஐத் தாண்டி நின்ற நிஃப்டி அக்டோபரில் 2,500 பக்கம் விழுந்தது. 2010 நவம்பரில் பழைய உயரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி இறங்கியது. அதை உறுதியாகக் கடந்து மேலே போக 2014 ஆகிவிட்டது. 2020-இல் மாதக் கணக்கில் முடிந்தது அப்போது வருடக் கணக்கில் இழுத்தது. அடுத்த சரிவு எந்த வகை என்பது முன்கூட்டித் தெரியாது.

இந்த ஸ்லைடுக்கு வரும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஜவுளிக்கடை நடத்தும் ஒரு அக்கா நேரிலேயே கேட்டார்: “தம்பி, மாசா மாசம் போட்டா விலை சராசரியாயிடும், நஷ்டம் வராதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? அப்புறம் இது எப்படி?”

நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு முழு ஸ்லைடு தேவைப்பட்டது. சராசரி என்பது ஆரம்பத்தில் பலமாக வேலை செய்யும், போகப் போகத் தளர்ந்துவிடும். இரண்டாவது மாதத்தில் நீங்கள் போடும் 5,000, மொத்தப் பணத்தில் பாதி. அன்றைக்கு விலை இறங்கியிருந்தால் உங்கள் சராசரி நன்றாகவே இறங்கும். அறுபது தவணை முடிந்த பிறகு, சேர்ந்திருப்பது 2,70,000 என்றால், புதிதாகப் போடும் 5,000 அதில் 2 சதவீதம்கூட இல்லை. சந்தை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தச் சின்னத் தவணையால் பெரிய தொகையின் சரிவைத் தாங்க முடியாது. அதாவது, எஸ்ஐபி எவ்வளவு பழையதோ, அது அவ்வளவுக்கு மொத்தமாகப் போட்ட பணத்தைப் போலவே நடந்துகொள்ளும். ‘நீண்ட காலம் இருந்தால் ஆபத்து போய்விடும்’ என்று எழுதுவது இதனால்தான் தவறு. கால அளவு கூடினால் மொத்தமாக நஷ்டத்தில் முடியும் வாய்ப்பு குறையும் என்று சொல்லலாம், கடந்த கால எண்கள் அதைக் காட்டுகின்றன. ஆனால் கடைசி வருடத்தில் ரூபாய்க் கணக்கில் இழக்கக்கூடிய தொகை கூடத்தான் செய்யும்.

இதைப் புரியவைத்த பிறகு அந்த அக்கா கேட்டதுதான் எனக்கு அடுத்த ஸ்லைடைத் தந்தது. “அப்போ மகளுக்குக் காலேஜ் கட்டணும்னா எப்போ எடுக்கறது?”

கால அளவைப் பற்றிய என் ஸ்லைடில் ‘5 ஆண்டு’, ‘7 ஆண்டு’ என்று எதுவும் இருக்காது. பணம் தேவைப்படும் மாதமும் ஆண்டும்தான் இருக்கும். கல்லூரிக் கட்டணம் 2031 ஜூன் என்றால், அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 2028 ஜூன் வரை பங்குச் சந்தை ஃபண்டில் போடலாம். அங்கிருந்து புதிய தவணைகளை வங்கி ஆர்டிக்கோ, பங்குகளில் போடாத குறுகிய கால லிக்விட் ஃபண்டுக்கோ திருப்பிவிட்டு, சேர்ந்திருப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே மாற்ற வேண்டும். 2030 ஜூனுக்குள் முதல் வருடக் கட்டணமாவது பங்குச் சந்தையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் இருப்பவர் 2019 டிசம்பரில் இதைச் செய்திருந்தால் 2020 மார்ச் சரிவு அவருக்கு வெறும் செய்தி. செய்யாதவருக்கு மூன்று மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று. இந்த விலகலுக்கும் ஒரு விலை உண்டு: அந்தக் கடைசி வருடங்களில் சந்தை ஏறினால் அந்த ஏற்றம் முழுதாகக் கிடைக்காது. அதையும் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் பணத்துக்கு ஸ்லைடில் ஒரே வரிதான்: இதில் போடாதீர்கள்.

இதோடு சின்னதாக ஒன்று. பல பங்குச் சந்தை ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் எக்சிட் லோடு என்ற பிடித்தம் உண்டு, பெரும்பாலும் 1 சதவீதம். அந்த ஒரு வருடம் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக எண்ணப்படும். எஸ்ஐபி தொடங்கி ஒரு வருடம் ஆனதும் எல்லாவற்றையும் சும்மா எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய.

ஒரு ஃபண்டின் ஆபத்து அளவை முள் வைத்துக் காட்டும் ரிஸ்கோமீட்டர் படத்தையும் காட்டுகிறேன். 2021 முதல் அதில் ஆறு நிலைகள். மாதம் 500 ரூபாய் போட்டாலும் பங்குச் சந்தை ஃபண்டுகள் பொதுவாக ‘மிக அதிகம்’ என்ற கடைசி நிலையில்தான் இருக்கும். தவணை சின்னது என்பதால் முள் இறங்காது. இந்தப் படம் அழகாக இருக்கிறது, ஆனால் மனதில் நிற்பதில்லை. ‘3,71,000 இருந்தது, 2,70,000 ஆனது’ நிற்கிறது. சதவீதம், வரைபடம், வண்ண முள் எல்லாவற்றையும்விட ரூபாயும் தேதியும்தான் ஆபத்தைச் சொல்லும் சரியான மொழி. பதிவைச் சேமித்து வைத்தவர்கள் மாதங்கள் கழித்துத் திரும்ப அனுப்பிக் கேட்பதும் அந்த ஸ்லைடைப் பற்றித்தான்.

ஃபண்ட் பெயர் எதுவும் என் கரோசலில் வராது. எது நல்லது என்று பொதுவெளியில் சொல்ல எனக்கு ஆலோசகர் பதிவு இல்லை. அப்படிப் பெயர் போட்டாலும், படிக்கிறவரின் கடன், வயது, அவசரச் சேமிப்பு எதுவும் எனக்குத் தெரியாது. இன்னொரு ஸ்லைடில், விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டத்தில் நீங்கள் போட்டால் எனக்குக் கமிஷன் வரும், அது ஃபண்டின் செலவுக்குள் அடங்கியிருக்கும், ஃபண்ட் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டத்தில் அது இல்லை என்று எழுதியிருக்கிறேன். சக விநியோகஸ்தர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நீக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆபத்தைப் பற்றி நான் சொல்வதை ஒருவர் நம்ப வேண்டுமானால், எனக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பது அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

குறைகள் என்றால், இப்படிப்பட்ட கரோசல் வேகமாகப் பரவாது. ‘ஒரு கோடி’ என்று தொடங்கும் ஸ்லைடுக்கு இருக்கும் இழுப்பு நஷ்டக் கணக்குக்குக் கிடையாது. இன்ஸ்டாகிராம் இப்போது ஒரு பதிவில் 20 படம் வரை விடுகிறது, ஆனால் எட்டுக்கு மேல் போனால் என் வாசகர்கள் பாதியில் இறங்கிவிடுகிறார்கள். சம்பளம் ஒழுங்காக வராதவர், ஏற்கெனவே வட்டிக்கு வாங்கியிருப்பவர், இவர்களுக்கு ஸ்லைடு உதவாது. அங்கே உட்கார்ந்துதான் பேச வேண்டும். எட்டாவது ஸ்லைடில் அதற்காகவே இரண்டு கேள்விகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்: இந்தப் பணம் எந்த மாதம், எந்த ஆண்டு வேண்டும்? அந்த மாதத்தில் இதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மீதியை எங்கிருந்து எடுப்பீர்கள்? இரண்டாவதற்குப் பதில் எழுதி அனுப்புகிறவர்களோடுதான் எஸ்ஐபி படிவத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறேன்.