‘30 நாளுக்குள்’ என்பதா, ‘அடுத்த மாதம் 7-க்குள்’ என்பதா? செலவு கிளைம் விதிக்கு இரண்டு வாசகங்கள்

மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். 11 பேர் வெளியூர் ஓடுகிறார்கள், பாதிப் பேர் கேரளப் பக்கம். அவர்களுடைய பயணச் செலவுக்கான விதியை இரண்டு வருடம் முன்பு மாற்றி எழுதினோம். பழையது, புதியது இரண்டையும் வைத்து வேலை செய்திருக்கிறேன். என் ஓட்டு புதியதற்குத்தான்.

பழைய வாசகம்: “செலவான நாளிலிருந்து 30 நாளுக்குள் ரசீதுடன், மேலாளர் ஒப்புதலோடு சமர்ப்பிக்க வேண்டும். தாமதமானவை நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டவை.”

புதியது: “பயணம் முடிந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் ஊழியர் தன் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த தேதியே கணக்கு. சூப்பர்வைசர் 3 வேலை நாளில் கையெழுத்திடவோ, காரணம் எழுதித் திருப்பவோ வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் வவுச்சர் நேரே மேலாளருக்குப் போகும்.”

வரம்பு விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தங்குவதற்கு “ரூ.1,500 வரை” என்று எழுதினால் பில்லில் உள்ளது மட்டும் கிடைக்கும், “ரூ.1,500 படி” என்று எழுதினால் 900-க்குத் தங்கினாலும் 1,500 கொடுக்க வேண்டிவரும். இரண்டிலும் ‘வரை’தான். புதியதில் ஒரு வரி கூடுதல்: சபரிமலை சீசனில் கன்னியாகுமரியில் தங்க, முன்கூட்டியே கேட்டால் வரம்பைத் தாண்டலாம். அந்த நாட்களில் அங்கே லாட்ஜ் வாடகை நம் விதியைப் பார்த்து ஏறுவதில்லை.

ரசீதும் அப்படித்தான். ஆட்டோவுக்கு பில் கிடைக்காது. 200 ரூபாய்க்குள் என்றால் எழுதிக் கையெழுத்திட்ட வவுச்சர் போதும். பஸ் டிக்கெட், பெட்ரோல் பில் போல வெப்பத்தாளில் அச்சானவற்றை அன்றைக்கே போட்டோ எடுத்து வைக்கச் சொல்கிறோம். சட்டைப் பையில் இரண்டு வாரம் வியர்வையில் கிடந்தால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

எங்களை மாற்ற வைத்தது ‘சமர்ப்பிக்க’ என்ற ஒற்றைச் சொல். யாரிடம் என்று பழைய விதியில் இல்லை. அக்கவுண்ட்ஸில் வந்து சேரும் தேதி என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் அக்டோபர் 8 காலை கொல்லத்துக்குப் போனார். அன்றைய பஸ், ஆட்டோ, சாப்பாடு 430 ரூபாய். இரவு தங்கி, 9-ஆம் தேதி அறையைக் காலி செய்தபோது லாட்ஜ் பில் 1,350. நவம்பர் 3-ஆம் தேதி தக்கலையில் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டார். சூப்பர்வைசருக்கு வீட்டில் கல்யாணம். கவர் அவருடைய பைக் பெட்டியிலேயே கிடந்தது. என் மேசைக்கு வந்தது நவம்பர் 8.

எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 8-க்கு 30 நாள் நவம்பர் 7-இல் முடிகிறது, அக்டோபர் 9-க்கு நவம்பர் 8. ஒரே பயணத்தில் தங்கியதற்குக் காசு உண்டு, போன பஸ்ஸுக்கு இல்லை. “சாரே, நான் 3-ஆம் தேதியே குடுத்தாச்சே” என்று அவர் வந்து நின்றபோது என்னிடம் பதில் இல்லை. 430 ரூபாய் ‘நிர்வாகத்தின் முடிவுக்கு’ப் போனது. அதற்கு முந்தின மாதம்தான் இன்னொருவரின் 50 நாள் பழைய பில் ஒரு போன் பேச்சில் பாஸானது. இவருக்கு மறுத்தார்கள். அந்த இரண்டு பேரும் இருப்பது ஒரே அறையில்.

புதிய வாசகத்தில் இதே பயணம் அக்டோபரில் முடிந்தது, 3-ஆம் தேதி கொடுத்தாயிற்று, முழுசும் பாஸ். சூப்பர்வைசரின் தாமதம் அவர் கணக்கில்தான் விழும். கொடுத்ததற்கு அத்தாட்சியாக வவுச்சரின் கீழ்ப்பகுதியில் தேதி போட்டு, சூப்பர்வைசர் சுருக்கொப்பம் இட்டுக் கிழித்துத் தருகிறார். இந்தத் துண்டுச்சீட்டு இல்லாவிட்டால் புதிய வாசகமும் பழையதைப் போலத்தான் சண்டையில் முடியும்.

7-ஐத் தாண்டினால்? 8 முதல் மாதக் கடைசி வரை காரணம் எழுதி மேலாளரிடம் நேரே ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கப்புறம் யாருக்கும் கிடையாது, முதலாளியின் மைத்துனர் உட்பட.

பழையதற்கு ஒரு நியாயமும் உண்டு. மாதம் 30-ஆம் தேதி பயணம் முடிப்பவருக்குப் புதிய விதியில் ஒரு வாரம்தான் கிடைக்கிறது. 2-ஆம் தேதி முடிப்பவருக்கு ஒரு மாதத்துக்கு மேல். இதைப் பற்றி முணுமுணுப்பு இன்னும் இருக்கிறது. சூப்பர்வைசருக்குக் கொடுத்த 3 நாளும் எங்கள் 11 பேருக்குச் சரியாக இருக்கிறது. நூறு பேர் ஓடும் இடத்துக்கும் அதுவே போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் பயணங்களுக்கு மட்டும் ஏப்ரல் 5 என்று தனியாக எழுதியிருக்கிறோம், மார்ச் 31-ஓடு கணக்கு வருடம் முடிவதால். முதல் வருடம் அந்த வரியை விட்டுவிட்டோம்; ஏப்ரல் கடைசியில் மூன்று வவுச்சர் வந்து, எழுதி முடித்த பேரேட்டைத் திரும்பத் திறக்க வைத்தது.