மழைத்துளியா, சுக்குமணியா?

மும்பை மாட்டுங்காவில் அக்காவும் நானும் விற்கப் போகும் டீக்கு இந்த இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின. சின்ன உருண்டைகளாக வரும் அஸ்ஸாம் சி.டி.சி. தூளில் சுக்கும் கொஞ்சம் ஏலக்காயும் கலந்தது.

'மழைத்துளி' அழகான பெயர். பச்சை அட்டையில் ஒரு துளி வரைந்தால் கண்ணை இழுக்கும். ஆனால் சிக்கல் ழகரத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அதற்கு இசட், எச் போடுகிறோம். கடைப் பையனிடம் மாதிரி அட்டையைக் காட்டி வாசிக்கச் சொன்னோம். "மஜாய்...துலி?" என்று நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தான். வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் பெயரை வாடிக்கையாளர் கேட்கமாட்டார். பக்கத்துப் பாக்கெட்டைக் கை காட்டிவிடுவார். அப்புறம், மழை என்றால் என்ன ருசி?

'சுக்குமணி'யை அதே பையன் ஒரே மூச்சில் வாசித்தான். தமிழருக்குச் சுக்கின் காரம் உடனே நாக்கில் வரும். இந்தி, மராத்தி பேசுபவர் காதில் 'சுக்' என்பது சுகமாக விழும். அதில் சுக்கு இருப்பது மட்டும் தெரியாது. அதனால் பெயருக்குக் கீழே தேவநாகரியில் 'அத்ரக்' என்று போடாமல், சுக்கைக் குறிக்கும் 'சோண்ட்' என்றே போட வேண்டும். அத்ரக் பச்சை இஞ்சி. அந்த மணத்தை எதிர்பார்த்து வாங்கியவர் ஏமாந்துபோவார்.

வெறும் 'சுக்கு டீ' என்று வைத்திருக்கலாமே என்றாள் அக்கா. சரக்கை அப்படியே விவரிக்கும் சொல்லை வணிகக் குறியாகப் பதிவது கடினம். மணி சேர்ந்தால் கொஞ்சம் தனித்து நிற்கும், தூளின் உருண்டை வடிவத்துக்கும் பொருந்தும். என் ஓட்டு சுக்குமணிக்கே.