பல்வலி குறைந்தது, தாடைக்கடியில் வீங்கியது: டார்மிட்டரி நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கீழ்த்தாடையின் கடைசிக் கடவாய்ப்பல்லில் சொத்தை இருந்த ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு நடந்ததை இங்கே எழுதுகிறோம். முப்பது வயதைத் தாண்டியவர், தமிழ்நாட்டுக்காரர், சிங்கப்பூரில் ஒரு தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கியிருந்தார். கிளினிக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தத் தவறு எந்தக் கிளினிக்கிலும் நடக்கக்கூடியது என்பதால் அங்கே விட்டுப்போனது என்ன என்பதை மட்டும் சொல்கிறோம்.

திங்கட்கிழமை வலி தாங்காமல் கிளினிக்குக்குப் போனார். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, ஒரு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். பல் மருத்துவரிடம் போகச் சொல்லவில்லை. சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்கவில்லை. புதன்கிழமை வலி நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் தாடைக்கு அடியில் கட்டை போல வீக்கம். மறுபடி போனார். விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் 98 என்றார்கள், காய்ச்சலும் பெரிதாக இல்லை என்றார்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, “குறையலன்னா வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். வியாழன் இரவு அவரால் எச்சில் விழுங்க முடியவில்லை, ஒரு டப்பாவில் துப்பிக்கொண்டே கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். “படுத்தா மூச்சு முட்டுதுண்ணே” என்று அடைத்த குரலில் சொன்னதைக் கேட்டு, பக்கத்துக் கட்டில்காரர்தான் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைத்தார். அதனால் உயிர் தப்பினார்.

வலி குறைந்ததை எல்லோரும் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் நடந்தது வேறு. வேர் நுனியில் சேர்ந்த சீழ் எலும்புக்குள் அடைபட்டு அழுத்தும்போதுதான் அந்தக் கொடிய வலி வரும். எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே கசிந்துவிட்டால் அழுத்தம் இறங்கும், வலியும் இறங்கும். அதாவது கிருமி கழுத்துக்குள் போய்விட்டது. வலி குறைய வீக்கம் கூடினால் நோய் இடம் மாறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அது எங்கே போகும் என்பதைப் பல்லின் இடமே தீர்மானிக்கிறது. வாயின் அடித்தளத்தில், தாடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தூளி கட்டியது போல ஒரு தசை இருக்கிறது, மைலோஹையாய்டு என்பார்கள். முன்பக்கப் பற்களின் வேர்கள் பெரும்பாலும் அந்தத் தசைக்கு மேலேயே முடிந்துவிடும். கடைசி இரண்டு கடவாய்ப்பற்களின் வேர்கள் அதற்குக் கீழே இறங்கியிருக்கும். அதனால் அவற்றின் சீழ் நேரே தாடைக்கடியில் இறங்குகிறது. தசையின் பின்விளிம்பு எதனோடும் ஒட்டாமல் இருப்பதால், அங்கே சுற்றிக்கொண்டு நாக்குக்கு அடியிலும் ஏறுகிறது, பிறகு மறுபக்கத்துக்கும் பரவுகிறது. 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்ததால் இதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். ஆஞ்சைனா என்றே அழைக்கப்படும் நெஞ்சுவலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூச்சு ஏன் அடைபடுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வீங்கும் இடத்துக்கு முன்னாலும் பக்கங்களிலும் தாடை எலும்பு, கீழே இறுக்கமான சவ்வு. இரண்டும் இடம் கொடுக்காது. மெத்தென்று இருப்பது நாக்கு ஒன்றுதான். எனவே நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்படுகிறது. நாக்குக்குப் பின்னால்தான் மூச்சுப்பாதை. உட்கார்ந்து முன்னால் குனிந்தால் நாக்கு கொஞ்சம் முன்னே வரும், பாதை திறக்கும். மல்லாந்து படுத்தால் மொத்தமும் பின்னால் சரியும். அவர் படுக்க மறுத்தது பிடிவாதத்தால் அல்ல. அப்படி உட்கார்ந்திருப்பவரை யாரும், “கொஞ்சம் படுங்க” என்று வற்புறுத்தக் கூடாது.

ஆக்ஸிஜன் 98 என்ற எண்ணும் இங்கே ஏமாற்றும். நுரையீரல் நன்றாக இருக்கும்வரை, பாதை பாதிக்கு மேல் குறுகினாலும் கிடைக்கிற காற்றிலேயே அந்த எண் நின்றுவிடும். அது விழத் தொடங்கும்போது கைவசம் இருப்பது சில நிமிடங்களாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாததற்கும் காரணம் உண்டு: வலி மாத்திரைகளில் பலவும் காய்ச்சலையும் இறக்கும்.

புதன்கிழமை அந்த அறையில் ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் போதும். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். சாதாரணமாக மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைக்கலாம். இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் மெல்லும் தசைகள் வரை தொற்று எட்டியிருக்கிறது. நாக்கை நீட்டச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கைத் தூக்கி, அடியில் கையுறை விரலால் அழுத்தியிருக்க வேண்டும். அங்கே மெத்தென்று இல்லாமல் கெட்டியாக மேடிட்டிருந்தால் மாத்திரை எழுதும் கட்டம் தாண்டிவிட்டது. எச்சில் விழுங்க முடிகிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். மூச்சில் கீச்சென்று சத்தம் வருகிறதா என்று மட்டும் காத்திருப்பது தவறு, அது கடைசியில் வரும் அறிகுறி.

மாத்திரை ஏன் கைவிட்டது? செத்துப்போன பல்லின் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ, தேங்கியதை வெளியேற்றவோ செய்யாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. அதனால் தாடை வீங்கிய ஒருவரிடம் மாத்திரையை நீட்டினால், “இது எந்தப் பல்? அதை யார், என்றைக்குப் பார்ப்பார்கள்?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அன்றே பல் மருத்துவரைத் தேடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மிச்ச மாத்திரையை அறையில் பகிர்ந்து விழுங்குவதும் இதே நாடகம்தான், இன்னும் மோசமாக.

மருத்துவமனையில் அவருக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்வதைவிட மூச்சுக்குழாய் வைப்பதே கடினமாக இருந்தது. வாய் திறக்கவில்லை, நாக்கு வழியை மறைக்கிறது. வழக்கம்போல மயக்கமருந்து கொடுத்துவிட்டால் பாதையைத் தாங்கிப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்து முழுதும் மூடிவிடும். எனவே விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்கச் செய்து, மெல்லிய கேமராக் குழாயின் வழிகாட்டலில் மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார்கள். முடியாமல் போனால் கழுத்தில் துளையிட அறுவை மருத்துவர் கத்தியோடு பக்கத்தில் நின்றார். பிறகுதான் தாடைக்கடியில் கீறி வடிகுழாய் வைத்து, பல்லையும் எடுத்தார்கள். சீழ் அதிகம் வரவில்லை. இந்த நோயில் கெட்டியான திசு வீக்கமே பெரும்பகுதி. ரத்தப் பரிசோதனையில் அவருக்கே தெரியாத சர்க்கரை நோயும் வெளிப்பட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இந்தத் தொற்று வேகமாகப் பரவும். கழுத்திலிருந்து நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிவிட்டால் பிழைப்பது இன்னும் கடினம்.

கழுத்துக்குள் பரவும் தொற்று தொண்டையிலிருந்து தொடங்குவதும் உண்டு. டான்சில் பக்கம் ஒரு புறம் மட்டும் கடுமையாக வலித்து, வாய் திறக்க முடியாமல், குரல் அடைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் போனால் அதைச் சாதாரணத் தொண்டைவலி என்று விடாதீர்கள்.

எச்சில் வழிகிறது, படுக்க முடியவில்லை, குரல் மாறுகிறது, நாக்கடி தூக்கியிருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 995. அழைக்கும்போது “பல்வலி” என்று தொடங்காதீர்கள். “கழுத்து வீங்கியிருக்கு, எச்சில் விழுங்க முடியல, படுத்தா மூச்சு வரல” என்று சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவர் விரும்பியபடி உட்காரட்டும். தண்ணீர், கஞ்சி, மாத்திரை எதுவும் வாய்க்குள் வேண்டாம். சூப்பர்வைசர் காலையில் பார்க்கலாம் என்று சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். வொர்க் பெர்மிட் தொழிலாளியின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு, ஆம்புலன்ஸை அழைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.