சுவருக்குள் பதித்த டைவர்ட்டரும் ஒட்டுத்தாள் எண்ணும்

எங்கள் குளியலறைச் சுவருக்குள், நீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் ஒன்றைப் பதித்திருக்கிறோம். அதனுள் நீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜை நிறுவனம் அண்மையில் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தது. வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், உத்தரவாதம் கேட்டபோது எவற்றையெல்லாம் காட்ட வேண்டியிருந்தது என்று விசாரித்ததால் இதை எழுதுகிறேன்.

கைப்பிடியை முழுவதும் மூடிய பிறகும் குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளிருக்கும் பீங்கான் தகடுகள் தேய்ந்தாலோ கீறல் விழுந்தாலோ இப்படித்தான் ஆகும். பார்க்க வந்த பணியாளர் முதலில் பில்லையும், அடுத்து மாடல் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் கேட்டார். வெளியே தெரிவதோ கைப்பிடியும் வட்டத் தகடும் மட்டுமே. அவற்றில் நிறுவனத்தின் முத்திரையைத் தவிர வேறொன்றும் இல்லை. மாடல் எண், தொகுதி எண், தயாரிப்பு மாதம் ஆகிய மூன்றும் அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளில்தான் அச்சிடப்பட்டிருந்தன. அந்தப் பெட்டி கட்டட வேலை நடக்கும் இடத்தில் அன்று மாலையே சிமெண்ட் சாக்குகளோடு குப்பைக்குப் போய்விடும். நீண்ட கால உத்தரவாதம் தருகிற பொருளின் அடையாளத்தை அப்படியோர் அட்டையை நம்பி விட்டிருப்பது எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது. பெட்டியைப் பிரிக்குமுன் நான் எடுத்து வைத்திருந்த படம்தான் கைகொடுத்தது.

பில் விஷயத்திலும் கவனம் தேவை. பிளம்பர் மூலம் வாங்கினால் பெரும்பாலும் எஸ்டிமேட் சீட்டுதான் கைக்கு வரும். அதை நிறுவனம் ஏற்பதில்லை. ஜிஎஸ்டி எண்ணுடன், நம் பெயரில், தேதியிட்ட பில்லாக அது இருக்க வேண்டும். ‘பாத்ரூம் ஃபிட்டிங்ஸ்’ என்று ஒரே வரியில் முடிக்காமல், ஒவ்வொரு பொருளின் மாடல் எண்ணையும் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். வெப்பத்தாளில் அச்சான எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால் அன்றே படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பணியாளருக்கு இன்னொரு ஐயம் இருந்தது. பொருத்தியதில் பிழையிருந்தாலோ குழாயில் தங்கிய மணல் தகட்டைக் கீறியிருந்தாலோ அது உத்தரவாதத்தில் வராது. டைல்ஸ் ஒட்டுமுன் எடுத்த படத்தில், டைவர்ட்டரின் பிளாஸ்டிக் மூடியில் உள்ள ஆழக்குறிகளும், அவற்றுக்கு இடையில் டைல்ஸின் முகம் வரும்படி கட்டிய மட்டக் கயிறும் தெளிவாகத் தெரிந்தன. கார்ட்ரிட்ஜைப் பொருத்துமுன் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவியதையும் காணொளியாக வைத்திருந்தேன். இரண்டையும் பார்த்தபின் அவர் மறுபேச்சின்றி எழுதிக்கொண்டார். கார்ட்ரிட்ஜ் முன்பக்கமாகவே கழன்று வந்ததால் சுவரை உடைக்க நேரவில்லை. உடைத்திருந்தால், டைல்ஸ் செலவு எங்களுடையதுதான் என்று உத்தரவாத அட்டையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

கைப்பிடி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வழுவழுப்பாகத் திரும்புகிறது, முலாம் மங்கவில்லை, சேவையிலும் குறை சொல்ல முடியாது. ஆயினும் மாடல் எண்ணைப் பித்தளை உடலிலோ வட்டத் தகட்டின் பின்புறத்திலோ பொறிக்காத வரையில், மாடிக் குளியலறைக்கு இந்த நிறுவனத்தின் டைவர்ட்டரை நான் வாங்கப்போவதில்லை.