5,000 அனுப்பினோம், 4,980 போய்ச் சேர்ந்தது: SHA-வா, OUR-ஆ?

அக்கா மகனுக்கு அமெரிக்காவில் படிப்புக் கட்டணம் 5,000 டாலர். சென்னையில் வங்கிக்குப் போய் அனுப்பினோம். மூன்றாம் நாள் பல்கலைக்கழகக் கணக்கில் விழுந்தது 4,980. இருபது டாலர் பாக்கி என்று அவனுக்கு மின்னஞ்சல். அதைத் தனியாக அனுப்பினால் கமிஷனே அந்த இருபதைத் தாண்டிவிடும்.

எடுத்தது எங்கள் வங்கி இல்லை. அதற்கும் பல்கலைக்கழகத்தின் வங்கிக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. எங்கள் வங்கி நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு வைத்திருக்கிறது. பணம் அதன் வழியாகத்தான் போகிறது. வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வலையான ஸ்விஃப்டில் போவது செய்தி மட்டும். நடுவில் நிற்கும் வங்கிக்கு நாங்களும் வாடிக்கையாளர் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. அதனால் தன் கூலியைக் கைவழி போகும் தொகையிலேயே கழித்துக்கொள்கிறது.

செலவை யார் ஏற்பது என்று படிவத்தில் கேட்கும் கட்டத்தை நாங்கள் கவனிக்கவில்லை. அதில் இருந்தது SHA. நம் வங்கியின் கமிஷன் நமக்கு, வழியில் பிடிப்பதெல்லாம் பெறுபவர் தலையில். கழிவு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நடுவில் இரண்டு வங்கிகள் இருந்தால் இரண்டு முறை வெட்டு விழலாம். சிலர் குத்துமதிப்பாக முப்பது டாலர் கூட்டி அனுப்புகிறார்கள். அது சூதாட்டம்தான்.

OUR என்றால் எல்லாச் செலவும் அனுப்புபவருடையது. நம் வங்கி ஒரு தொகையைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். நடுவங்கி தன் கூலியை நம் வங்கியிடம் முன்பே பெறும், அல்லது பிறகு கேட்டு வாங்கும். அடுத்த பருவத்துக்கு இதைத்தான் டிக் செய்தோம். வங்கி கேட்டது இருபது டாலரைவிடச் சற்று அதிகம், ஆனால் 5,000 முழுதாகப் போய்ச் சேர்ந்தது. இதற்கும் முழு உத்தரவாதம் கிடையாது. பெறும் வங்கி தன் வாடிக்கையாளரிடம் வரவுக் கட்டணம் பிடித்தால் OUR அதைத் தடுக்காது.

BEN என்று மூன்றாவது ஒன்றும் உண்டு: எல்லாமே பெறுபவர் செலவு. கட்டணம் கட்டுபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நேர் தொகை கேட்கும் கல்லூரி, வாடகை, இன்வாய்ஸ் இவற்றுக்கு OUR. நம் சொந்தக் கணக்குக்கோ உறவினருக்கோ அனுப்பினால் SHA போதும். இருபது குறைந்தால் யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை.

தொகை குறைந்துவிட்டால் வங்கியில் ஸ்விஃப்ட் நகலைக் கேளுங்கள். MT103 என்ற செய்தி வடிவில் தந்தால், 71A என்ற எண்ணுள்ள வரியில் எந்த முறை என்று இருக்கும். 33B நாம் அனுப்பச் சொன்ன தொகை, 32A அடுத்த வங்கிக்குத் தீர்த்த தொகை, வழியில் கழித்தது 71F. ஆனால் நம் வங்கி அனுப்பிய நகலில் பின்னால் நடந்த வெட்டு தெரியாது. பெறும் வங்கிக்கு வந்த நகல்தான் வேண்டும். அல்லது அந்தப் பரிமாற்றத்துக்கே உரிய UETR எண்ணை வைத்துத் தடம் பார்க்கச் சொல்லலாம். நம் வங்கி அனுப்பிய நகலில் 71A-இல் OUR என்றிருந்தும், பெறும் வங்கிக்கு வந்த நகலில் 71F-இல் தொகை தெரிந்தால், அந்த இரண்டு வரிகளையும் காட்டித் திருப்பிக் கேட்கலாம்.